மூலை வெட்டுப்பட்ட டிராயிங் போட்டோ: எதை நம்பலாம், எதைக் கேட்க வேண்டும்?

"சார், பெங்களூர் பீன்யாவில் ஒரு சின்ன ஷாப்பில் அப்ரண்டிஸா இருக்கேன். சூப்பர்வைசர் ஒரு ஷாஃப்ட் டிராயிங்கை வாட்ஸ்அப்பில் போட்டோவா அனுப்பி, 'படிச்சு வை, காலையில கேட்பேன்'னு சொல்லிட்டார். கீழ் வலது மூலை பாதி வெட்டுப்பட்டிருக்கு. Ø25 k6-ன்னா எவ்வளவு? சில அளவுக்கு டாலரன்ஸே போடலை. பக்கத்து வியூவில் M6 துளை வலது பக்கம் தெரியுது, அதை ஷாஃப்டில் எந்தப் பக்கம் போடணும்? படத்தை இணைச்சிருக்கேன்."

தம்பி, முதலில் அந்தப் படத்தை எடுத்துவிட்டு, கஸ்டமர் பெயரும் டிராயிங் நம்பரும் இருக்கிற இடத்தை மறைத்துப் போடுங்கள். டிராயிங் கஸ்டமரின் சொத்து. அதைப் பொது இடத்தில் போட்டதாகத் தெரிந்தால் உங்கள் ஷாப்புக்கு வேலை போகும், உங்களுக்குப் பேச்சு விழும். அதற்குள் நான் பார்த்துவிட்டேன், அதனால் பதில் சொல்கிறேன். நானும் பீன்யாவில் இன்ஸ்பெக்ஷன் மேசையில் பல வருஷம் உட்கார்ந்தவன்தான். போட்டோவைப் பார்த்து ஓட்டிய ஜாப்கள் என் மேசைக்கு எந்தக் கோலத்தில் வந்து சேரும் என்று தெரியும்.

நீங்கள் கேட்ட மூன்றில் இரண்டுக்கு விடை படத்திலேயே இருக்கிறது. மூன்றாவது, அதாவது டாலரன்ஸ் போடாத அளவுகள், படத்தில் இல்லை. அதை யாராலும் யூகித்துச் சொல்ல முடியாது, சொன்னால் நம்பாதீர்கள். ஒரு நல்ல டிராயிங்கில் முக்கியமான சேதி ஒவ்வொன்றும் பெரும்பாலும் இரண்டு இடத்தில் ஒளிந்திருக்கும். போட்டோவில் ஓர் இடம் மங்கினால் இன்னொரு இடத்தில் அதற்குச் சாட்சி தேட வேண்டும். சாட்சி கிடைத்தால் எழுதிக்கொள்ளுங்கள், கிடைக்காவிட்டால் கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

டைட்டில் பிளாக்கிலிருந்து தொடங்குவோம். கீழ் வலது மூலையில் மிச்சமிருப்பதில் மெட்டீரியல் EN8, ஸ்கேல் 1:1 என்பவை தெளிவாக இருக்கின்றன. ஸ்கேல் 1:1 என்பதைப் பார்த்துவிட்டு போன் திரையிலோ பிரிண்ட் எடுத்தோ ஸ்கேல் வைத்து அளந்துவிடாதீர்கள். அந்த விகிதம் மூலத் தாளுக்கு மட்டும்தான். போனைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்திருக்கிறார், அதனால் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் முனை பெரிதாகவும் தள்ளி இருக்கும் முனை சிறிதாகவும் விழுந்திருக்கிறது. எழுதியிருக்கும் எண்தான் அளவு. மூலத் தாளே கையில் இருந்தாலும் இதேதான் விதி.

அடுத்தது ரிவிஷன். உங்கள் படத்தில் அந்தக் கட்டத்தில் பாதி எழுத்துதான் இருக்கிறது. C ஆகவும் இருக்கலாம், G ஆகவும் இருக்கலாம். மேல் வலது மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள், ரிவிஷன் டேபிள் இருக்கிறது. அதில் A, B, மூன்றாவதாக ஒரு வரி, அவ்வளவுதான். ஆக அது C. இன்னொரு சாட்சியும் உண்டு: ஃப்ரண்ட் வியூவில் 40 என்ற அளவுக்குப் பக்கத்தில் சின்ன முக்கோணத்துக்குள் C என்று எழுதியிருக்கிறது. கடைசி ரிவிஷனில் மாறியது அந்த 40தான் என்று அர்த்தம். பழைய அளவு என்னவாக இருந்தது என்பது படத்தில் இல்லை, உங்களுக்கு அது தேவையும் இல்லை. ஆனால் ஷாப்பில் பழைய புரோகிராமோ பழைய பிரிண்ட்டோ கிடந்தால், அந்த 40 உள்ள இடத்தில்தான் தப்பு நடக்கும்.

இதில் ஒரு எல்லை இருக்கிறது. இது ரிவிஷன் C என்று டிராயிங் சொல்லும். C-க்குப் பிறகு D வந்துவிட்டதா என்று அதற்குத் தெரியாது. அதை ஆபீஸில் இருக்கும் ரெக்கார்டோ கஸ்டமரின் பர்ச்சேஸ் ஆர்டரோதான் சொல்லும். வாட்ஸ்அப் போட்டோக்களில் நான் அதிகம் பார்த்த கோளாறு இதுதான். போனில் தேடும்போது பழைய மாத போட்டோ மேலே வரும், அதையே ஃபார்வர்ட் செய்துவிடுவார்கள். டைட்டில் பிளாக்கில் எல்லாம் ஒழுங்காக இருக்கும், ஜாப் மட்டும் பழைய ஜாப். ஆகவே காலையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "ஆர்டரில் இருப்பதும் ரிவிஷன் C தானா?"

இப்போது துளை எந்தப் பக்கம் என்ற விஷயத்துக்கு வருவோம். இது தப்பினால் ரீவொர்க் கிடையாது, நேராக ஸ்கிராப்தான். ஃபர்ஸ்ட் ஆங்கிளா தேர்ட் ஆங்கிளா என்பதைக் காட்டும் குறி, அதாவது பக்கத்துப் பக்கத்தில் வரையும் வெட்டுக் கூம்பும் இரட்டை வட்டமும், உங்கள் படத்தில் வெட்டுப்பட்ட பகுதியில் போய்விட்டது. அது கண்ணில் படும்போது இப்படிப் படியுங்கள்: கூம்பின் அகன்ற பக்கம் வட்டங்களைப் பார்த்திருந்தால் ஃபர்ஸ்ட் ஆங்கிள், குறுகிய பக்கம் வட்டங்களைப் பார்த்திருந்தால் தேர்ட் ஆங்கிள். வட்டம் இடப்பக்கம் இருக்கிறதா வலப்பக்கம் இருக்கிறதா என்று மனப்பாடம் செய்யாதீர்கள். அது வரைகிறவரைப் பொறுத்து மாறும், போட்டோ தலைகீழாக வந்தாலும் மாறும். எந்தப் பக்கம் வட்டத்தைப் பார்க்கிறது என்பது மட்டும் மாறாது.

ஐடிஐயில் உங்களுக்கு ஃபர்ஸ்ட் ஆங்கிள் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், நம் நாட்டு வழக்கம் அதுதான். ஆனால் பெங்களூரில் வெளிநாட்டுக்குப் போகும் ஜாப் நிறைய. அமெரிக்க டிராயிங் தேர்ட் ஆங்கிளில்தான் வரும். இங்கேயே வரைகிற கம்பெனிகளிலும் கஸ்டமருக்காகத் தேர்ட் ஆங்கிளில் வரைகிறவர்கள் உண்டு. ஒரே ஷெட்டில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் இரண்டு வகையும் ஓடும். அதனால் குறி இல்லாத போட்டோவில் "நம்ம ஊர் டிராயிங், ஃபர்ஸ்ட் ஆங்கிளாகத்தான் இருக்கும்" என்று எடுத்துக்கொள்வது ஆபத்து.

குறி இல்லாவிட்டாலும் வியூக்களே காட்டிக்கொடுக்கும். உங்கள் ஷாஃப்டை ஒரு தடவை மனதில் படுக்க வைத்துப் பாருங்கள். ஃப்ரண்ட் வியூவில் இடது முனை Ø25, நடுவில் Ø32 காலர், வலது முனை Ø20. Ø20-ல் மேல் பக்கம் கீவே. M6 துளை காலரில், பக்கவாட்டில். இதற்கு வலப்பக்கம் இன்னொரு வியூ வரைந்திருக்கிறார்கள். அது ஷாஃப்டை எந்த முனையிலிருந்து பார்த்தது என்பதுதான் கேள்வி. ஃபர்ஸ்ட் ஆங்கிள் என்றால் வலப்பக்கம் வரைந்த வியூ இடது முனையிலிருந்து பார்த்தது. தேர்ட் ஆங்கிள் என்றால் வலது முனையிலிருந்து பார்த்தது.

இடது முனையிலிருந்து பார்த்தால் என்ன தெரியும்? Ø25 வட்டம், அதற்கு வெளியே Ø32 வட்டம். Ø20-ம் அதிலுள்ள கீவேயும் காலருக்குப் பின்னால் மறைந்துவிடும், வரைந்தால் விட்டுவிட்டுப் போகும் கோட்டில்தான் வரைய வேண்டும். வலது முனையிலிருந்து பார்த்தால் Ø20 வட்டம் முழுக்கோட்டில் வரும், அதன் தலையில் கீவேயின் வெட்டும் முழுக்கோட்டில் வரும். உங்கள் படத்தில் பக்கத்து வியூவைப் பெரிதாக்கிப் பாருங்கள். கீவேயின் இரண்டு சுவரும் அடியும் அழுத்தமான முழுக்கோடு. ஆக வலது முனையிலிருந்து பார்த்தது, அதாவது தேர்ட் ஆங்கிள்.

இது முதல் சாட்சி. இதோடு நிறுத்தாமல் துளையையே கேளுங்கள். வலது முனையிலிருந்து பார்க்கும்போது வலக்கைப் பக்கம் இருப்பது, ஃப்ரண்ட் வியூவைப் பார்க்கிறவருக்குப் பின்பக்கம். அப்படியென்றால் ஃப்ரண்ட் வியூவில் காலரின் மேல் அந்தத் துளை மறைந்த வட்டமாக, விட்டுவிட்டுப் போகும் கோட்டில் இருக்க வேண்டும். ஃபர்ஸ்ட் ஆங்கிளாக இருந்திருந்தால் வலப்பக்கத் துளை முன்பக்கம் வந்திருக்கும், வட்டமும் முழுக்கோட்டில் இருந்திருக்கும். உங்கள் படத்தில் காலர் மேல் இருக்கும் வட்டம் மெல்லிய துண்டுக் கோடுகளாகத் தெரிகிறது. போட்டோவில் துண்டுக்கோடு மங்கி முழுக்கோடு மாதிரி ஒட்டிக்கொள்வது உண்டு, முழுக்கோடு உடைந்து துண்டாவது அரிது. அதனால் துண்டாகத் தெரிந்தால் பெரும்பாலும் அது துண்டுக்கோடுதான். இரண்டு சாட்சியும் ஒன்றையே சொல்கின்றன, எனக்குச் சந்தேகம் இல்லை.

கையில் பிடித்துச் சொல்வதானால், Ø20 முனை உங்கள் முகத்தைப் பார்க்கட்டும், கீவே மேலே இருக்கட்டும். அப்போது M6 துளை உங்கள் வலக்கைப் பக்கம் வர வேண்டும். ஃபர்ஸ்ட் ஆங்கிள் என்று தப்பாகப் படித்திருந்தால் Ø25 முனையை முகத்துக்கு நேராகப் பிடித்து வலப்பக்கம் துளை போட்டிருப்பீர்கள். கீவேயிலிருந்து 90 டிகிரி என்ற கணக்கு அதிலும் சரியாக இருக்கும், ஆழம் சரியாக இருக்கும், திரெட் கேஜும் போகும். ஆனால் துளை எதிர்ப்பக்கம். ஷாஃப்டை எப்படித் திருப்பிப் பிடித்தாலும் சரியாகாது, ஏனென்றால் இரண்டு முனையும் வேறு வேறு. இன்ஸ்பெக்ஷனில் ஒவ்வொரு அளவாக டிக் அடித்துக்கொண்டு போகிறவர் கண்ணிலும் இது தப்பிவிடும், அசெம்பிளியில்தான் தெரியும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பக்கத்தில் இருக்கும் வியூவுக்குக் கீழே A-A என்று எழுதியிருந்து, ஃப்ரண்ட் வியூவில் வெட்டுக்கோடும் அம்புகளும் இருந்தால், அம்பு எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையில் பார்த்ததுதான் அந்த வியூ. அப்போது அம்புதான் பேசும், அது தாளில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. உங்கள் படத்தில் அந்த எழுத்தோ குறுக்குக் கோடுகளோ எனக்குத் தெரியவில்லை, வெறும் வியூ என்றுதான் எடுத்துக்கொண்டேன். உங்களிடம் தெளிவான படம் இருந்தால் இதை மட்டும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து Ø25 k6. எழுத்து டாலரன்ஸ் எங்கே விழுகிறது என்பதைச் சொல்லும், எண் அது எவ்வளவு அகலம் என்பதைச் சொல்லும். சின்ன எழுத்து என்றால் ஷாஃப்ட், பெரிய எழுத்து என்றால் துளை. 25 மில்லிக்கு k6 என்றால் மேல் எல்லை +0.015, கீழ் எல்லை +0.002. ஆக ஷாஃப்ட் 25.002-க்கும் 25.015-க்கும் நடுவில் இருக்க வேண்டும். சரியாக 25.000 வந்தால் ரிஜெக்ட். புதிதாக வருகிறவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும், "25 கேட்டார்கள், 25 கொடுத்தேன்" என்பார்கள். காரணம் பேரிங். Ø25, k6, பக்கத்தில் சாய்ந்து நிற்க ஒரு காலர் என்று மூன்றும் சேர்ந்தால் அது பெரும்பாலும் பேரிங் சீட். 6205 மாதிரி ஒரு பால் பேரிங்கின் உள்வட்டம் 25 மில்லி, சாதாரண வகுப்பில் அது 24.990 முதல் 25.000 வரை இருக்கும். ஷாஃப்ட் எப்போதும் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால்தான் இறுக்கமாக உட்காரும். குறைந்தது 2 மைக்ரான் பிடி, அதிகபட்சம் 25 மைக்ரான்.

போட்டோவில் இந்த இடம் மோசமான இடம். k என்ற எழுத்தும் h என்ற எழுத்தும் மங்கினால் ஒன்று போலவே இருக்கும். 25 h6 என்றால் 24.987 முதல் 25.000 வரை. இரண்டு வரம்பும் ஒரு இடத்தில்கூடத் தொட்டுக்கொள்ளாது. h என்று படித்து ஓட்டிய ஷாஃப்டில் ஒரு துண்டுகூட k6-க்குப் பாஸ் ஆகாது. பேரிங் கையாலேயே உள்ளே போகும், ஓட ஆரம்பித்தால் உள்வளையம் ஷாஃப்ட் மேல் நகர்ந்து தேய்க்கும். உங்கள் படத்தில் நல்ல வேளையாக எழுத்துக்குப் பக்கத்தில் மேலும் கீழுமாக +0.015, +0.002 என்று எண்களும் இருக்கின்றன. கீழே இருக்கும் 0.002-க்கு முன்னால் கூட்டல் குறி அரைகுறையாகத் தெரிகிறது. மேலே 0.015 வருவது k6-தான், h6-க்கு மேலே 0 தான் வரும். எழுத்தும் எண்ணும் ஒத்துப்போகின்றன, எழுதிக்கொள்ளுங்கள்.

குறி மறைந்துபோகும் சிக்கல் கீவேயிலும் இருக்கிறது. பக்கத்து வியூவில் கீவேயின் அடியிலிருந்து எதிர்ப்பக்கம் வரை 16.5, பக்கத்தில் மேலே 0, கீழே 0.1. கீழே இருக்கும் எண்ணுக்கு முன்னால் குறியே தெரியவில்லை. இது கூட்டலா கழித்தலா? மேல் எல்லையை மேலேயும் கீழ் எல்லையைக் கீழேயும் எழுதுவது வழக்கம். மேலே 0 இருக்கும்போது கீழே +0.1 இருக்க முடியாது, கீழ் எல்லை மேல் எல்லையைத் தாண்டிவிடும். ஆக அது −0.1 தான், அளவு 16.4 முதல் 16.5 வரை. கீ டேபிளும் இதையே சொல்கிறது: 20 மில்லி ஷாஃப்டுக்கு 6×6 கீ, ஷாஃப்டில் ஆழம் 3.5, கூட 0.1 வரை போகலாம். 20-லிருந்து 3.5 போனால் 16.5, ஆழம் கூடினால் இந்த எண் குறையும்.

k6 பற்றி இன்னொரு விஷயம், அளக்கிற கருவி. மொத்த வரம்பே 0.013 மில்லி. 0.02 வெர்னியரில் இதைப் பார்ப்பதே வீண். 0.01 மைக்ரோமீட்டரிலும் வரம்பு முழுக்க ஒரு கோடும் கொஞ்சமும்தான், பாஸா ஃபெயிலா என்று சொல்ல அது போதாது. 0.001 படிக்கும் மைக்ரோமீட்டர் வேண்டும், இல்லாவிட்டால் ஸ்லிப் கேஜில் செட் செய்த கம்பரேட்டரோ அந்த அளவுக்கான ஸ்நாப் கேஜோ வேண்டும். கூடவே, கையில் எடுக்கும் மைக்ரோமீட்டர் 0–25 ஆக இருந்தால் இந்த அளவு அதன் வரம்புக்கே வெளியே. 25–50 எடுத்து, 25 மில்லி செட்டிங் ஸ்டாண்டர்டில் ஜீரோ பார்த்துவிட்டு அளக்க வேண்டும். அப்ரண்டிஸ்கள் மாட்டிக்கொள்ளும் வழக்கமான இடம் இது. லேத்தில் இதை நேராக முடிக்கப் பார்க்கவும் வேண்டாம். டர்னிங்கில் விட்டத்தில் 0.2, 0.3 விட்டு கிரைண்டிங்குக்கு அனுப்புவதுதான் பெரும்பாலான ஷாப்களில் வழக்கம். உங்கள் ஷாப்பில் எவ்வளவு விடுவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக டாலரன்ஸ் இல்லாத அளவுகள்: மொத்த நீளம் 142, Ø25 பகுதியின் நீளம் 40, காலர் அகலம் 12. டாலரன்ஸ் எழுதவில்லை என்றால் "எப்படி இருந்தாலும் சரி" என்று அர்த்தம் இல்லை, டைட்டில் பிளாக்கில் ஒரு வரியில் மொத்தமாகச் சொல்லியிருப்பார்கள். வழக்கமாக ISO 2768-m என்றோ -f என்றோ இருக்கும், அதன் இந்திய வடிவமான IS 2102 பெயரிலும் வரும். m என்றால் 142-க்கு ±0.5, 40-க்கு ±0.3, 12-க்கு ±0.2. f என்றால் அதே மூன்றும் ±0.2, ±0.15, ±0.1. c என்றால் ±1.2, ±0.8, ±0.5. ஒரு எழுத்துக்கு இவ்வளவு வித்தியாசம், நீளம் 142.4 வந்தால் m-ல் பாஸ், f-ல் ஃபெயில். உங்கள் படத்தில் அந்த வரி "ISO 2768-" என்பதோடு வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது. m-தான் அதிகம் காணப்படுவது என்பது உண்மை, ஆனால் அதிகம் காணப்படுவது உங்கள் டிராயிங்கில் இருக்கும் என்பதற்குச் சாட்சி ஆகாது. இதற்குத் தாளில் வேறு சாட்சி கிடையாது. இன்னொன்று, வேறு சில டிராயிங்குகளில், முக்கியமாக அமெரிக்காவிலிருந்து வருவதில், புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் என்பதை வைத்து டாலரன்ஸ் கொடுப்பார்கள். அங்கே 40-ம் 40.0-ம் ஒன்றல்ல. போட்டோவில் புள்ளி காணாமல் போவது சகஜம் என்பதால், அப்படிப்பட்ட டிராயிங்கைப் போட்டோவில் படிக்கவே வேண்டாம்.

அந்த 40 மாறிய அளவு என்று மேலே பார்த்தோம். மாற்றும் அளவுக்கு அதில் கவனம் செலுத்தியிருக்கிறார்கள் என்றால் அது பேரிங் நிற்கும் தோள்பட்டை எங்கே வருகிறது என்பதற்காக இருக்கலாம். இது என் யூகம்தான். ஆனாலும் பொது டாலரன்ஸ் தெரியும் வரை 40-ஐ வெட்டாமல் நிறுத்தி வைப்பது நல்லது. Ø25-க்கான ரஃப் டர்னிங்கை நீளத்தில் ஒரு மில்லி விட்டுச் செய்துகொள்ளலாம்.

ஆக காலையில் சூப்பர்வைசரிடம் இப்படிச் சொல்லுங்கள்: வியூக்கள் தேர்ட் ஆங்கிள், துளை Ø20 முனையிலிருந்து பார்த்தால் வலப்பக்கம், Ø25 சீட் 25.002 முதல் 25.015, கீவே 16.4 முதல் 16.5. பிறகு ரிவிஷன் C-தான் நடப்பில் இருக்கிறதா, பொது டாலரன்ஸ் m-ஆ f-ஆ என்று இரண்டு கேள்வி கேளுங்கள். சரி, படம் மறுபடி வேண்டும் என்றால், தாளைத் தட்டையாக வைத்து மேலேயிருந்து நேராக ஒரு முழுப்படம், டைட்டில் பிளாக்கை மட்டும் பக்கத்தில் போய் ஒரு படம் என்று எடுத்து, வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், முதலில் காணாமல் போவது புள்ளியும் கழித்தல் குறியும்தான். ஆபீஸில் பிடிஎஃப் இருந்தால் இந்தப் பாடே வேண்டாம், அதையே கேளுங்கள்.